சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யாமல் ஏஜென்ட் ஆக முடியுமா? முடியும், ஆடிட்டர் அறை வழியாக!

(திரையில்: ஒரு வெள்ளைத் தாள், ஒன்று முதல் நூறு வரை எண்கள்)

வணக்கம் நண்பர்களே! காப்பீட்டு ஏஜென்ட்டாகச் சேர்ந்தவர்களில் பலருக்குப் பயிற்சியின்போது இப்படி ஒரு தாள் கையில் வந்திருக்கும். "தெரிந்தவர்கள் நூறு பேர் பெயரை எழுதுங்கள்" என்பார்கள். இதற்கு 'ப்ராஜெக்ட் 100' என்று பெயரே உண்டு. அந்தத் தாளில் முதலில் யார் பெயர் வரும்? மாமா, சித்தி, கல்லூரி நண்பன். எழுதிக்கொண்டிருந்தால் பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள். அந்தப் பட்டியல் இல்லாமலே ஒரு வட்டத்தை எப்படி உண்டாக்குவது என்று இன்று பார்ப்போம்.

முதலில், அந்தப் பட்டியலில் என்ன கோளாறு? சித்தப்பா உங்கள் முகத்துக்காக ஒரு பாலிசி எடுப்பார். இரண்டாம் ஆண்டு பிரீமியம் கட்டும்போது உங்கள் முகம் அவர் எதிரில் இருக்காது. பாலிசி லாப்ஸ் ஆகும். எத்தனை பாலிசிகள் முதல் ஆண்டைத் தாண்டித் தொடர்கின்றன என்பதைக் காப்பீட்டுத் துறையில் பதின்மூன்றாம் மாதப் பெர்சிஸ்டன்சி என்று அளக்கிறார்கள். உங்களுடைய அந்த எண் குறைவாக இருந்தால், வாங்கியவர்களில் பலர் தேவைக்காக வாங்கவில்லையோ என்று சந்தேகப்படலாம். சரி, அதோடு இதை விடுவோம்.

(திரையில்: 1973)

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர், பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களைச் சந்தித்து ஒரு கேள்வி கேட்டார்: "தகவல் சொன்னவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" 1973-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இதற்கான பதில் இருக்கிறது. அடிக்கடி பார்ப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் ஏறத்தாழ 17 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் 56 சதவீதம், மிக அரிதாகப் பார்ப்பவர் மூலம் 28 சதவீதம்! காரணம் எளியது. நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்த அதே ஆட்களைத்தான் தெரியும். தூரத்துப் பழக்கம்தான் வேறொரு கூட்டத்துக்குள் கதவு திறக்கிறது.

ஆனால் இதை அப்படியே நம் தொழிலுக்குக் கொண்டுவர முடியாது. வேலை காலி இருக்கிறது என்ற தகவலை யார் சொன்னாலும் போதும். காப்பீட்டுக்குத் தகவல் போதாது, நம்பிக்கையும் வேண்டும். ஆக, நமக்குத் தூரத்துப் பழக்கமாகவும், வேறு பலருக்கு நெருங்கிய நம்பிக்கைக்குரியவராகவும் இருக்கும் ஒருவர் தேவை. அப்படிப்பட்டவரைத் துறையில் 'சென்டர் ஆஃப் இன்ஃப்ளூயன்ஸ்' என்பார்கள். நான் முதலில் போகச் சொல்வது, தனிநபர் வரிக் கணக்கு பார்க்கும் ஆடிட்டரிடம். ஒரு மனிதரின் வருமானம், கடன், கட்டும் பிரீமியம் எல்லாம் அவர் மேசை மேல் இருக்கும்.

ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். புது ஊரில் ஓர் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் இருக்கிறார், அங்கே யாரையும் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆடிட்டரைப் பார்க்கப் போகிறார். எப்போது? வரி தாக்கல் பரபரப்பு ஓய்ந்த பிறகு. பரபரப்பின் நடுவில் போனால் வாசலோடு அனுப்பிவிடுவார்.

உள்ளே போய், "உங்கள் வாடிக்கையாளர்களை எனக்கு அறிமுகப்படுத்துங்கள்" என்று கேட்டால் அங்கேயே கதை முடிந்தது. ஏஜென்ட் தவறான பாலிசியைத் தலையில் கட்டினால், பல ஆண்டுகளாக வரும் ஒருவரை ஆடிட்டர் இழப்பார் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. அதனால் நம் ஏஜென்ட் வேறு மாதிரி கேட்கிறார்: "சார், வருகிறவர்கள் காப்பீடு பற்றி என்ன கேட்கிறார்கள்? எதற்குப் பதில் சொல்ல உங்களுக்கு நேரம் இருப்பதில்லை?"

ஆடிட்டர் என்ன சொல்வார்? பெரும்பாலும் பழைய பாலிசிகள். "எப்போதோ எடுத்தது, என்னவென்றே தெரியவில்லை" என்று ஒரு கோப்பை நீட்டுபவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். இதுதான் நம் ஏஜென்ட்டுக்கான இடம். அவர் சொல்கிறார்: "அந்தக் கோப்பை நான் படித்து ஒரே பக்கத்தில் எழுதித் தருகிறேன். அந்தச் சந்திப்பில் எதையும் விற்க மாட்டேன். வாடிக்கையாளர் சம்மதித்தால் அதே பக்கம் உங்களுக்கும் வரும்."

(திரையில்: ஒரு பக்கக் குறிப்பின் மாதிரி)

அந்தப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? இறந்தால் எவ்வளவு கிடைக்கும், பிரீமியம் எந்த ஆண்டு வரை, இன்று சரண்டர் செய்தால் என்ன வரும், பாலிசி மேல் கடன் இருக்கிறதா, நாமினி யார். கடைசிக் கேள்விதான் புதையல்! திருமணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் அம்மாவின் பெயர் அப்படியே இருக்கும், அம்மா காலமாகியிருப்பார். விவாகரத்துக்குப் பிறகும் முன்னாள் கணவரின் பெயர் இருக்கும். ஒரு படிவம் நிரப்பினால் தீரும் வேலை. ஏஜென்ட்டுக்கு இதில் கமிஷன் இல்லை. ஆனால் அந்தக் குடும்பம் இவரை மறக்காது.

இன்னொரு விஷயம். சிலரிடம் "உங்களுக்கு இருப்பதே போதும், புதிதாக எதுவும் வேண்டாம்" என்று எழுதித்தர வேண்டியிருக்கும். என் கருத்தில் ஆடிட்டர் கையில் கிடைக்கும் பக்கங்களிலேயே விலை மதிப்புள்ளது அதுதான். விற்கக்கூடிய இடத்தில் விற்காத ஒருவரைத் தயங்காமல் அடுத்தவருக்குச் சொல்லலாம் அல்லவா?

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? ஆடிட்டர் உங்களிடம் ஒரு எண்ணைக் கொடுத்து "பேசிப் பாருங்கள்" என்றால் இன்னும் நம்பவில்லை. வாடிக்கையாளரே உங்களை அழைத்து, "சார் சொன்னார், நாமினி பெயரைப் பார்க்கணும்" என்று காரணத்தோடு பேசினால் நம்பிவிட்டார் என்று அர்த்தம். முதல் சில மாதங்களில் அப்படி இரண்டு பேர் வந்தாலே நல்ல தொடக்கம். இதை மட்டும் நம்பி வீட்டுச் செலவைச் சமாளிக்க முடியாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இது கெடுவது பெரும்பாலும் பணத்தால். "எனக்கு எவ்வளவு பங்கு?" என்று ஆடிட்டர் கேட்கலாம். உரிமம் இல்லாதவருக்கு கமிஷனில் பங்கு கொடுப்பதைப் பல நாடுகளின் சட்டம் தடுக்கிறது. அனுமதி இருக்கும் இடங்களிலும் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். ஒருநாள் தெரியவந்தால் ஆடிட்டரின் சொல்லுக்கும் மதிப்பு போய்விடும். இரண்டாவது ஆபத்து, ஒரே ஆடிட்டரை நம்பி இருப்பது. அவர் ஓய்வு பெற்றால் உங்கள் வரவும் நிற்கும். உயில், வாரிசுரிமை பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடமும் இதே முறையில் பழகத் தொடங்குங்கள்.

ரியல் எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கும் அந்த வாரிசுரிமை வழக்கறிஞர்தான் பொருத்தம்: பாகம் பிரிக்க வேண்டிய வீடு அவருக்குத்தான் முதலில் தெரியும். முதலீட்டு ஆலோசகர்கள், ஓய்வுபெறும் ஊழியர்களின் கணக்கை முடித்துக் கொடுக்கும் மனிதவளப் பிரிவினரைப் பாருங்கள்.

அப்புறம் சொந்தக்காரர்கள்? அவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு முறை சொல்லுங்கள்: "நான் இப்போது இந்த வேலையில் இருக்கிறேன். நானாக இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். உங்களுக்கு ஏதாவது புரியவில்லை என்றால் கேளுங்கள்." சொன்ன பிறகு எந்த விசேஷத்திலும் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

இதைப் பார்க்கிற ஆடிட்டர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் எழுதுங்கள்: உங்கள் வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பாலிசிகளில் நீங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு எது? அதிகம் பேர் சொல்லும் தவறை எடுத்து, அதைச் சரிசெய்யும் படிவத்தை எப்படி நிரப்புவது என்று அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.