பால் மறக்கடிப்பதில் எந்த வேளை முதலில், எந்த வேளை கடைசியில்

(உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டி நடந்த தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் தாய்மார்களுக்கும், பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் பாட்டிமார்களுக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் நடக்கும் கூட்டங்களில் பால் கொடுப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவோம். நிறுத்துவதைப் பற்றிப் பேச மாட்டோம். குழந்தை மருத்துவப் பிரிவில் செவிலியராக நான் இருந்த ஆண்டுகளில் தாய்மார்கள் என்னைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்ட கேள்வி பெரும்பாலும் நிறுத்துவதைப் பற்றியதாகவே இருந்தது. இரண்டு வயது வரையிலும், விரும்பினால் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே ஒன்றரை வயதுக்கு மேற்பட்ட, சோறு இட்லி எல்லாம் தின்னப் பழகிவிட்ட குழந்தையை மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இது பொருந்தாது.

நம் வீடுகளில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. வேப்பிலையை அரைத்தோ வேப்பெண்ணெய் தொட்டோ காம்பில் பூசுவது ஒன்று. குழந்தையை நான்கைந்து நாள் அம்மாச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுவது மற்றொன்று. இரண்டிலும் குழந்தை பாலை மறந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டாம் வழியில் பால் போகும் அதே நாளில் அம்மாவும் போய்விடுகிறாள். முதல் வழியில், அழுதால் ஓடிப்போய் முகம் புதைத்த இடமே ஒரே இரவில் கசந்துவிடுகிறது. தாயின் பக்கம் பார்த்தாலும் நல்லதில்லை. நாளுக்கு ஆறு முறை காலியாகிக்கொண்டிருந்த மார்பு திடீரென்று காலியாகாமல் நின்றால், இரண்டாம் மூன்றாம் நாளில் பால் கட்டிக்கொண்டு, கல் போல் இறுகி, கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியாத வலி வரும்.

மார்பில் பால் தங்கினால் அந்தத் தங்கலே அடுத்த பால் சுரப்பதைக் குறைக்கும். உறிஞ்சிக் காலி செய்யச் செய்யச் சுரக்கும். தேங்கத் தேங்கச் சுரப்பு அடங்கும். அது ஒரு நாளில் அடங்குவதில்லை. ஒரு வேளையை நிறுத்தினால் அந்த ஒரு வேளைக்கு ஏற்ப மார்பு குறைந்துகொள்ளச் சில நாட்கள் ஆகும். அதனால் ஒரு வேளையை நிறுத்திவிட்டுக் குறைந்தது ஐந்து நாள், முடிந்தால் ஒரு வாரம் பொறுத்து, மார்பு தளர்ந்த பிறகே அடுத்த வேளையில் கை வைக்க வேண்டும். எந்த வேளையை முதலில் நிறுத்துவது, எதைக் கடைசிக்கு வைப்பது என்பதில்தான் இந்தக் காரியத்தின் பாதி இருக்கிறது என்பது என் அனுபவம்.

ஒரு தாயின் கதையைச் சொன்னால் இது விளங்கும். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் பெண். பையனுக்கு இருபத்திரண்டு மாதம். அதிகாலை ஆறு மணிக்கு ஒரு முறை, வேலைக்குக் கிளம்பும் முன் எட்டு மணிக்கு ஒரு முறை, மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பியதும் ஒரு முறை, தூங்கப் போகையில் ஒரு முறை, நள்ளிரவில் இரண்டு முறை என ஆறு வேளை குடித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணக்கே இல்லை. அம்மா உட்கார்ந்தால் போதும், மடியில் ஏறிவிடுவான்.

முதலில் எட்டு மணி வேளையை எடுத்துக்கொண்டோம். அவன் அதைத் தேடிக் கேட்டதில்லை. கிளம்பும் அவசரத்தில் அவளாகவே கொடுத்துப் பழக்கியிருந்தாள். அந்த நேரத்தில் மாமியார் அவனை வாசல் திண்ணையில் உட்காரவைத்து இட்லி ஊட்டினார். இவள் கிளம்பும்போது முத்தமிட்டு, போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டே போனாள். அவன் கேட்கவே இல்லை. ஆனால் அவளுக்குக் காலை ஆறிலிருந்து மாலை ஐந்தரை வரை இடைவெளி விழுந்ததால், மூன்று மணி வாக்கில் மார்பு கனத்தது. குளியலறையில் கையாலேயே பீய்ச்சி, இறுக்கம் தளரும் வரை மட்டும், சில ஸ்பூன் அளவே எடுக்கச் சொல்லியிருந்தேன். முழுவதும் காலி செய்தால், இன்னும் வேண்டும்போலும் என்று மார்பு மறுபடி சுரக்கத் தொடங்கிவிடும். ஐந்தாம் நாளில் பீய்ச்ச வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஞாயிறன்று அவள் செய்தது, தானாகக் கொடுக்காமல் இருந்ததும், அவன் வழக்கமாக ஏறும் அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்காராமல் இருந்ததும்தான். கேட்டபோது மறுக்கவில்லை.

இரண்டாவதாக மாலை வேளை. இது கடினமாக இருந்தது. ஒன்பது மணி நேரம் பிரிந்திருந்த குழந்தைக்கு அது அம்மா வந்துவிட்டாள் என்பதற்கான சாட்சி. அவள் வீட்டுக்கு வந்ததும் சேலையை மாற்றி நைட்டி போடுவாள்; முன்பக்க ஜிப் இறங்கும் சத்தம் கேட்டாலே பையன் விளையாட்டை விட்டுவிட்டு ஓடி வருவான் என்று அவள்தான் கவனித்துச் சொன்னாள். இரண்டு வாரம் வீடு வந்த பிறகும் சேலையிலேயே இருந்தாள். பையைக்கூட வைக்காமல் அவனைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போய், மாடு, பஸ், டீக்கடை என்று இருபது நிமிடம் காட்டிவிட்டு வந்து, மடியில் வைத்துக்கொண்டே டம்ளரில் பால் கொடுத்தாள். வேலை செய்த கால்களுக்கு அது பெரிய பாடுதான். ஆனால் அம்மா வந்துவிட்டாள் என்பதற்கு அவனுக்கு வேறொரு சாட்சி கிடைத்துவிட்டது.

டம்ளர் பாலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாய்ப்பால் குறையக் குறைய மாட்டுப்பாலை ஏற்றிக்கொண்டே போவது நம் வீடுகளில் நடக்கும் தவறு. காய்ச்சிய பால் நாளைக்கு இரண்டு டம்ளர், நானூறு மில்லி அளவு போதும்; ஐநூறைத் தாண்டக் கூடாது. மாட்டுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அது வயிற்றை நிரப்பிவிட்டால் பிள்ளை சோறு தின்னாது, இரத்தச்சோகை வரும். ஃபீடிங் பாட்டிலில் கொடுக்கவும் வேண்டாம். பிறகு அதை மறக்கடிக்க இன்னொரு கூட்டம் போட வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக இரவு நடுவில் குடிக்கும் இரண்டு வேளைகள். அதிகாலை வேளை எளிது, அதை முதலில் நிறுத்தலாமே என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். இரவில் அழும் குழந்தையிடம், "விடிஞ்சதும் குடிக்கலாம்டா தங்கம்" என்று சொல்ல வேண்டும்; விடிந்ததும் அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும். ஆறு மணிப் பால் கையில் இருந்தால்தான் அது முடியும். பகலிலேயே நான்கைந்து முறை இதை அவனுக்குச் சொல்லிவைத்தாள். இரவில் அப்பா நடுவில் படுத்தார். எழுந்தபோது தண்ணீர் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டினார். முதல் இரவு நாற்பது நிமிடம் அழுதான். நான்காம் இரவு ஒரு முறை சிணுங்கிவிட்டுத் தூங்கினான். அந்த நாற்பது நிமிடமும் யாரோ ஒருவர் கையில்தான் இருந்தான், தனியாக அழவிடவில்லை. இதில் வேறுபாடு இருக்கிறது.

அப்போதுதான் காய்ச்சல் வந்தது. சோறு இறங்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. தயங்காமல் இரவிலும் பால் கொடுக்கச் சொன்னேன். காய்ச்சல், பேதி, வீடு மாறுவது, தம்பி தங்கை பிறப்பது ஆகியவை நடக்கும் வாரத்தில் ஒரு வேளையையும் நிறுத்தக் கூடாது. பட்ட பாடெல்லாம் வீணாகிவிட்டதே என்று மாமியார் வருந்தினார். வீணாகவில்லை, குணமானதும் இரண்டே இரவில் பழைய நிலைக்கு வந்துவிட்டான்.

அந்த வாரத்தில்தான் அவளுக்கு வலது மார்பின் வெளிப்பக்கம் ஒரு கட்டி தென்பட்டது. ஒரு நாள் கூட்டிக் கொடுத்து மறுநாள் குறைத்ததால் வந்த பால்கட்டு. துணியில் சுற்றிய ஐஸை வைத்து ஒத்தடம் கொடுத்து, கொஞ்சமாகப் பீய்ச்சியதில் இரண்டு நாளில் கரைந்தது. அழுத்திப் பிசையக் கூடாது; துணியால் இறுக்கிக் கட்டவும் கூடாது; இரண்டும் வீக்கத்தைக் கூட்டும். கட்டிக்கு மேல் தோல் சிவந்து, குளிர் காய்ச்சல் வந்து உடம்பு முறித்துப்போட்டாற்போல் ஆனால் அது மார்பழற்சி. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நோயான அந்தப் பக்கத்துப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாம், கெடுதல் இல்லை.

மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று பாட்டிமார்கள் சொல்வதுண்டு. இதைச் சிரித்துத் தள்ள வேண்டாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பிரசவித்த பெண்களிடம் பூவையும், பால் நிறுத்த அப்போது தந்துவந்த புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்து, 1988-இல் ஆய்வாகவே வெளியிட்டார்கள். பூவுக்கும் பால் குறைந்தது. இறுக்காமல் பூவை வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். இரத்த அழுத்தம் எகிறுவது, வலிப்பு, பக்கவாதம் வரை நேர்ந்ததால், பால் நிறுத்துவதற்கு அதைத் தருவதை அமெரிக்கா 1990-களின் நடுவிலேயே விலக்கிவிட்டது.

நான்காவதாக அதிகாலை வேளை. பையன் விழிக்கும் முன்பே அவள் எழுந்துபோய்விட, அப்பா தூக்கிப் பல் விளக்கிப் பால் கொடுத்தார். ஒரு வாரத்தில் முடிந்தது.

கடைசியாகத் தூங்கும் வேளைப் பால். இதற்கு மட்டும் மூன்று வாரம் கொடுத்தோம். முதலில் கட்டிலில் கொடுக்காமல் முன்னறை நாற்காலியில் கொடுத்து, பிறகு பல் துலக்கி, அதன் பிறகே படுக்கைக்குப் போனார்கள். இப்படிச் செய்தால் குடித்துக்கொண்டே தூங்கும் பழக்கம் அறும்; பல்லுக்கும் நல்லது. அடுத்த வாரம் பத்து வரை எண்ணிவிட்டு எடுத்தாள். எண்ணிக்கையில் அவனே சேர்ந்துகொண்டு எட்டு, ஒன்பது என்று கத்தினான். அவனுக்கு அவள் ரவிக்கைக்குள் கையை விட்டுக்கொண்டு தூங்கும் வழக்கமும் இருந்தது. கையைத் தட்டிவிடாமல், எடுத்துத் தன் காது மடலில் வைத்தாள். இப்போது அவனுக்குத் தூங்குவதற்கு அந்தக் காது வேண்டும்.

அந்தக் கடைசி வாரத்தில் அவளுக்குக் காரணமில்லாமல் அழுகை வந்தது. பிள்ளை பால் விட்டதற்கா அழுகிறாய் என்று வீட்டில் கேலி செய்தார்கள். பால் சுரக்க வைத்த ஹார்மோன்கள் இறங்கும்போது மனமும் தாழ்வது உடம்பின் வேலை. படிப்படியாக நிறுத்தினால் அந்தத் தாழ்வும் மெதுவாகவே வரும். அவளுக்குப் பத்து நாளில் தெளிந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டால், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஆக, மொத்தம் பத்து வாரம். நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு, சிலருக்கு மாதங்களுக்குக்கூட, அழுத்தினால் சொட்டுப் பால் வரும். வற்றிவிட்டதா என்று தினமும் அழுத்திப் பார்க்காதீர்கள். அதுவே சுரப்பைத் தூண்டும். அந்தப் பையன் ஒரு மாதம் கழித்து ஒருநாள் மறுபடி கேட்டானாம். மடியில் போட்டுக்கொண்டாள். வாயை வைத்துப் பார்த்தான், எப்படிக் குடிப்பது என்பது மறந்துபோயிருந்தது. அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, காதைப் பிடித்துக்கொண்டான்.