ஒரு தென்னை ஓலை, மூன்று கேள்விகள்

நேயர்களுக்கு வணக்கமுங்க.

வேளாண்மை அலுவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வை முடித்துவிட்டு, நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குச் சில வருசமாக மாதிரித் தேர்வு நடத்தி வருகிறேன். வருகிறவர்கள் கட்டுக் கட்டாகக் குறிப்பு வைத்திருப்பார்கள். நான் பையிலிருந்து ஒரு தென்னை ஓலையை எடுத்து மேசையில் வைப்பேன். அதை வைத்தே அரை மணி நேரம் கேள்வி போகும். இன்றைக்கு அந்த ஓலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஓலையின் மேல்பக்கம் கரி பூசினது போல் கருப்பாக இருக்கும். "பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து கொண்டு வந்தது, என்ன செய்வீங்க?" என்று கேட்பேன். பத்தில் ஆறு பேர் உடனே "கரும்பூசண நோய், பூசணக்கொல்லி தெளிக்கணும்" என்பார்கள். அங்கேயே பாதை மாறிவிடுகிறது.

அந்தக் கருப்பு நோயில்லை. மேல் மட்டையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி, இனிப்பான கழிவைக் கீழ் மட்டையின் மேல் சொட்டுகிறது. அந்தத் தேன் கழிவில் பூசணம் வளர்கிறது. ஆகவே கருப்பைப் பார்த்ததும் ஓலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், பிறகு மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும். திருப்பினால் வெள்ளை மெழுகுத் தூளும், சுருள் சுருளாக இட்ட முட்டைகளும் தெரியும். இது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. இந்தியாவில் 2016-இல் முதன்முதலாகக் கண்டதே நம் பொள்ளாச்சிப் பகுதியில்தான். கோயமுத்தூர், திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் போனால் தேர்வாளர் புருவத்தை உயர்த்தத்தான் செய்வார்.

சரி, பூச்சியைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அடுத்து "மருந்து?" என்று கேட்பார்கள். இது ஒரு கண்ணி. என் அண்ணன் தோப்பிலேயே நடந்தது, சொல்கிறேன். இந்த ஈ வந்த புதிதில் யாரோ சொன்ன ஒரு பூச்சிமருந்தை ஆள் வைத்து அடித்தார். இரண்டு வாரம் ஓலை சுத்தமாக இருந்தது. மூன்றாவது மாசம் முன்னைவிடக் கெட்டியாக வந்து உட்கார்ந்தது. காரணம், அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைத்து அதைக் கொல்லும் என்கார்சியா என்ற பொடிக் குளவி அந்தத் தோப்பில் ஏற்கெனவே இருந்தது. மருந்து அதையும் சேர்த்து முடித்துவிட்டது. மழைக்குக் குறைவதும் வெயில் காலத்தில் பெருகுவதும் இந்த ஈயின் குணம். அதனால் மழைக்கு முன்னால் மருந்து அடித்தவர், மருந்துதான் கேட்டது என்று நம்பிவிடுகிறார்.

அப்படியானால் குளவி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நேர்முகத் தேர்வில் ஒருவரைத் தனியாகக் காட்டுகிற இடம் இதுதான் என்பது என் எண்ணம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். ஓலையின் அடியில் ஒட்டியிருக்கும் காலி ஓடுகளைப் பாருங்கள். வெள்ளை ஈ வளர்ந்து வெளியே வந்திருந்தால் ஓடு ஆங்கில டி எழுத்து மாதிரி கிழிந்திருக்கும். குளவி வந்திருந்தால் ஊசியால் குத்தினது போல் வட்டமான துளை இருக்கும். இன்னும் வெளிவராத ஓடு கருத்திருந்தால் உள்ளே குளவி வளர்கிறது என்று அர்த்தம். வட்டத் துளை நிறைய இருக்கிற தோப்பில் மருந்தை நிறுத்துவதே முதல் சிகிச்சை. இல்லாத தோப்புக்கு, இருக்கிற தோப்பிலிருந்து ஓலைத் துண்டுகளை வெட்டி வந்து, தாக்குதல் உள்ள மட்டைகளில் குண்டூசி குத்தி வைக்கலாம். கல்வாழையோ வாழையோ ஓரத்தில் இருந்தால் குளவி அங்கேயே தங்கிப் பெருகும்.

இதற்கு மேல் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டும் பொறி ஏக்கருக்குச் சுமார் பத்து. கீழ் மட்டைகளின் அடியில் படும்படி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவது. கரும்பூசணத்தை உதிர்க்க லிட்டருக்கு 25 கிராம் மைதா போட்டுக் காய்ச்சிய கஞ்சி. காய்ந்ததும் பூசணம் செதில் செதிலாகக் கழன்று விழும். இங்கே தேர்வாளர் குறுக்கே, "நாற்பதடி மரத்துக்கு எப்படிங்க அடிப்பீங்க?" என்பார். முதுகில் மாட்டும் கைத்தெளிப்பானைச் சொன்னவர்கள் உண்டு! நீண்ட குழாயோடு பவர் ஸ்பிரேயர் வேண்டும், அதுவும் எட்டாத உயரமென்றால் தண்ணீர் பீய்ச்சும் வழி அந்தத் தோப்புக்குச் சரிவராது, பொறியும் குளவியும்தான் என்று ஒத்துக்கொள்வதே நல்ல பதில்.

ஒரு துணைக்கேள்வி வரலாம்: ஓலை மஞ்சளாகவும் இருந்தால்? அப்போது கேரள வாடல் நோயை நினைக்க வேண்டும். ஓலைக் கீற்றுகள் விலா எலும்பு மாதிரி உள்பக்கம் வளைந்து தொய்ந்திருந்தால் அதற்கான அடையாளம். அது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது, குணமாக்க மருந்து கிடையாது. வருசத்துக்குப் பத்துக் காய்கூடத் தராத மரத்தை எடுத்துவிடச் சொல்வதுதான் பரிந்துரை. வெள்ளை ஈ மரத்தைக் கொல்வதில்லை என்பதால் இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

உரக் கேள்வியும் கட்டாயம் உண்டு. காய்க்கும் தென்னைக்கு வருசத்துக்கு 560 கிராம் தழை, 320 மணி, 1,200 சாம்பல் என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள். "அப்போ எத்தனை யூரியா?" என்றால் விழிப்பார்கள். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. 560-ஐ 0.46 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.2 கிலோ. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 பங்கு, ஆக 2 கிலோ. பொட்டாஷில் சாம்பல்சத்து 60 பங்கு, அதுவும் 2 கிலோ. இரண்டு தவணையாகப் பிரித்து, மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தியில் இட வேண்டும். இந்தக் கணக்கைக் காகிதமில்லாமல் போட்டுப் பழகுங்கள்.

இரண்டாவது கேள்வி, திட்டங்கள். அந்த ஓலை வந்த தோப்புக்காரருக்கு நாலரை ஏக்கர், கிணறும் போரும் இருக்கிறது. "அரசாங்கத்துல எனக்கு என்னங்க கிடைக்கும்?" என்று கேட்கிறார். திட்டத்தின் பெயரையும் தொடங்கிய வருசத்தையும் சொல்லுகிற பதில் தேர்வாளர் காதில் ஏறாது. யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, என்ன காகிதம் வேண்டும் என்பதைத்தான் அவர் பார்க்கிறார்.

சொட்டுநீரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். குறு விவசாயி என்றால் இரண்டரை ஏக்கர் வரை, சிறு விவசாயி என்றால் ஐந்து ஏக்கர் வரை. இவருக்கு நாலரை ஏக்கர், ஆக முழு மானியம் என்று சொல்லிவிடாதீர்கள். "வேற ஊர்ல பூமி இருக்குதுங்களா?" என்று கேளுங்கள். தாராபுரம் பக்கம் இன்னும் ஓர் ஏக்கர் அவர் பெயரில் இருந்தால் மொத்தம் ஐந்தரை. அவர் சிறு விவசாயி இல்லை, 75 சதவீதம்தான். தாசில்தாரிடம் வாங்கும் சிறு, குறு விவசாயி சான்றிதழ் எதற்கு என்பது இப்போது புரியும். அதோடு சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார். சிட்டா இன்னும் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். நம் பக்கத்தில் பாதி விண்ணப்பம் நிற்பதே பாகப்பிரிவினை எழுதாமல் விட்டதால்தான்.

பிஎம் கிசானிலும் இதே மாதிரி ஒரு நுணுக்கம் இருக்கிறது. வருசத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. 2019 பிப்ரவரி 1-ஆம் தேதிக்குப் பிறகு கிரயம் வாங்கிய பூமிக்குக் கிடைக்காது, ஆனால் நிலவுடைமையாளர் இறந்து வாரிசுக்கு மாறியிருந்தால் உண்டு. வருமான வரி கட்டுகிறவருக்கு இல்லை. பத்துத் திட்டத்தை இப்படி விளிம்பு வரைக்கும் தெரிந்து வைத்திருப்பவர், நாற்பது பெயரை ஒப்பிப்பவரைவிட முன்னே நிற்பார். மானிய விகிதங்கள் மாறக்கூடியவை என்பதால், தேர்வுக்கு முந்தின வாரம் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு நேரில் போய்ச் சரிபார்த்துவிடுங்கள். அங்கே ஒன்றைக் கவனியுங்கள்: தென்னை வேளாண்மைத் துறையில் வரும், மஞ்சள் தோட்டக்கலைத் துறையில் வரும். ஈரோட்டுப் பிள்ளை ஒருவர் மஞ்சளுக்கு நான் என்ன செய்வேன் என்று நீளமாகப் பேச, "அது உங்க துறையில்லையேப்பா" என்று நானே நிறுத்த வேண்டியிருந்தது.

மூன்றாவது, பேச்சு. நான் தோப்புக்காரராக மாறி உட்கார்ந்து, "ஏனுங்க சார், ஒருத்தர் சொன்னாருன்னு வேருல மருந்து கட்டுனோமுங்க, ஒண்ணுமே கேக்கலீங்க" என்பேன். பெரும்பாலானவர்கள் "நீங்க செஞ்சது தப்பு" என்று ஆரம்பித்து, ஒட்டுண்ணி, உயிரியல் கட்டுப்பாடு, ஒருங்கிணைந்த மேலாண்மை என்று அடுக்குவார்கள். ஒட்டுண்ணி என்றதும் தோப்புக்காரருக்கு நினைவு வருவது மாட்டு உண்ணி. அதைத் தோப்பில் விடச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்வாரா? "பொடிக் குளவிங்க, நம்மளக் கொட்டாது, அந்த ஈயை மட்டும் தின்னுரும்" என்றால் முடிந்தது.

போன தடவை கிணத்துக்கடவுப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். அதே கேள்விக்கு முதலில் எதுவும் விளக்கவில்லை. "எப்பங்க கட்டுனீங்க?" என்று கேட்டாள். "இருபது நாளாச்சு" என்றேன். "அதுக்கப்புறம் இளநி, காய் ஏதாச்சும் இறக்குனீங்களா?" என்றாள். வேரில் மருந்து கட்டினால் 45 நாளைக்குக் காய் பறிக்கக் கூடாது, அது அவளுக்குத் தெரிந்திருந்தது. "இன்னும் இருபத்தஞ்சு நாள் கழிச்சு இறக்குங்க மாமா, வீட்டுக்குழந்தைங்களுக்கும் குடுக்காதீங்க" என்றாள். பிறகுதான் ஓலையைத் திருப்பி லென்ஸை என் கையில் கொடுத்து, துளையைக் காட்டினாள்.

தேர்வு அறையில் அதிகாரியை மாமா என்று கூப்பிடலாமா என்று பக்கத்தில் இருந்த நண்பர் கேட்டார். நடிக்கச் சொன்னால் கூப்பிடலாம், மற்ற கேள்விக்கெல்லாம் சார், மேடம்தான் என்று அவளே பதில் சொன்னாள். பிறகு அவர், அந்த மருந்தின் அளவு என்ன என்று கேட்டார். "அது எனக்கு உறுதியாத் தெரியலீங்க சார், டப்பாவில இருக்கிற லேபிளைப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றாள். அவளுக்கு நான் வேறு கேள்வி கேட்கவில்லை.

வணக்கமுங்க.