மஞ்சள் துணியில் முடிந்த காசு

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். நம் வீடுகளில் அடிக்கடி நடப்பதும், வெளியில் அதிகம் பேசப்படாததுமான ஒன்றைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். என்றோ வேண்டிக்கொண்டு மறந்துபோன நேர்த்திக்கடன் ஒரு நாள் விடியற்காலையில் கனவாக வந்து நிற்கும்போது, அந்தக் குடும்பம் என்ன செய்கிறது என்பதே அது.

என் பெரியம்மாவுக்கு 2018ஆம் ஆண்டில் அப்படியொரு கனவு வந்தது. இங்கே சிங்கப்பூரில், அங் மோ கியோவில் அவர் குடியிருந்த புளோக்கின் கீழ்த்தளத்தில், மஞ்சள் பாவாடை கட்டிய ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் நின்று உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் எதுவும் பேசவில்லை. பெரியம்மா கைப்பையைத் திறந்து துழாவியதாகவும், எவ்வளவு துழாவியும் பையில் எதுவும் அகப்படவில்லை என்றும் சொன்னார். விழித்தவர் யாரிடமும் பேசாமல் குளித்து, விளக்கேற்றி, அதன் பிறகுதான் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ஆத்தா எதையோ கேட்கிறாள். நான் என்ன தர வேண்டும் என்றுதான் தெரியவில்லை" என்றார்.

இத்தகைய கனவைக் கண்டவர்கள் பலரிடம் நான் பேசியிருக்கிறேன். வருவது பெரும்பாலும் சிறுமியாகவோ, மஞ்சள் சேலை உடுத்திய மூதாட்டியாகவோ இருக்கிறது. சிலருக்குப் பாம்பாகவும் வருகிறது. கேட்பது பெரும்பாலும் சொல்லால் அல்ல, நீட்டிய கையால்தான். இன்ன கடன், இன்ன கோயில் என்று விவரம் சொல்லும் கனவு அரிது. அதனால் கனவு கண்டவருக்கு முதலில் எழுவது அச்சம். 'தெய்வக் குற்றம்' என்ற சொல் உடனே நாவுக்கு வந்துவிடுகிறது. போன மாதம் கால் இடறியதும், பேரனுக்குக் காய்ச்சல் வந்ததும், வேலை உயர்வு தள்ளிப்போனதும் எல்லாம் ஒரே கயிற்றில் கோக்கப்படுகின்றன. அந்த நேரத்தில் குறி சொல்பவரிடம் ஓடினால், இல்லாத கடனும் சேர்ந்து தலையில் ஏறிவிடும். இதை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன்.

வேண்டுதல் என்பது நிபந்தனையோடு சொன்ன வாக்கு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 'இது நடந்தால் இதைச் செய்கிறேன்' என்பதுதான் அதன் வடிவம். கேட்டது கிடைத்திருந்தால் மட்டுமே கடன் உண்டு. கிடைக்கவில்லையென்றால் கடன் இல்லை. ஆகவே கனவு வந்தால் முதலில் கேட்க வேண்டியது என்ன பரிகாரம் என்பதல்ல. இந்த வீட்டில் யார், எப்போது, எதற்காக வேண்டினார்கள், கேட்டது கிடைத்ததா என்பதே முதல் கேள்வி. இதை நான் மீண்டும் சொல்கிறேன், ஏனென்றால் அவசரத்தில் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் கேள்வி இதுதான்: கேட்டது கிடைத்ததா?

பெரியம்மா தாமாக எதையும் வேண்டிக்கொண்டதாக நினைவில்லை என்று உறுதியாகச் சொன்னார். எனவே வீட்டைத் தேடினோம். வேண்டிக்கொள்ளும்போது ஒரு துணியை மஞ்சள் நீரில் நனைத்து உலர்த்தி, அதில் காசு முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைப்பது நம் வழக்கம். கடனைத் தீர்க்கும் நாளில் அந்த முடிச்சு உண்டியலுக்குப் போகும். ஆகவே உண்டியலுக்குப் போகாத முடிச்சு ஒன்று வீட்டில் இருக்குமானால், அது தீராத கடனுக்குச் சான்று. சாமி மேடையில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் பெரியம்மாவின் மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியின் அடியில், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்குக் கீழே, நிறம் மங்கிப் பழுப்பேறிய ஒரு முடிச்சு கிடைத்தது.

அதைப் பிரிக்கலாமா என்று பெரியம்மா தயங்கினார். விளக்கின் முன் வைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பிரித்தார். உள்ளே ஓர் இருபது காசும் ஓர் ஐந்து காசும் இருந்தன. ஊரில் ஒன்றேகால் ரூபாய் முடியும் பழக்கத்தில் வந்தவர், இங்கே கால் வெள்ளியாக முடிந்திருக்கிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. இருபது காசில் பழைய வாள்மீன் உருவம்; அந்த மீன் பொறித்த காசை எங்கள் வயதுக்காரர்கள் நன்றாக அறிவார்கள். அதில் 1980 என்று ஆண்டு இருந்தது. காசுகளோடு ஒட்டிக்கொண்டு, தொட்டவுடன் பொடியாகிவிடும் நிலையில், இரண்டு மூன்று வேப்பிலைகளும் இருந்தன.

நேயர்களே, அந்தச் சிறு முடிச்சு எவ்வளவு சொல்லிவிட்டது என்று பாருங்கள். காசு 1980இல் அடிக்கப்பட்டது. மாமியார் காலமானது 1984இல். ஆகவே வேண்டுதல் அந்த நான்கு ஆண்டுகளுக்குள் நடந்திருக்க வேண்டும். வேப்பிலை இருப்பதால் அது முருகனுக்கோ பெருமாளுக்கோ அல்ல, மாரியம்மனுக்கு. அந்த நான்கு ஆண்டுகளில் அந்தக் குடும்பம் கண்ட பெரிய துன்பங்கள் இரண்டு. ஒன்று, பெரியப்பா 1983இல் மருத்துவமனையில் கிடந்தது. மற்றொன்று, 1981இல் நான்கு வயதாயிருந்த இளைய மகனுக்கு அம்மை வார்த்துக் கண்கள் சிவந்து திறக்க முடியாமல் போனது. இவ்விரண்டில் எது என்பதைக் காசு சொல்லவில்லை.

அதைச் சொன்னவர் கிள்ளானில் இருந்த மாமியாரின் தங்கை. எண்பத்தெட்டு வயதிலும் அவருக்கு நினைவு மங்கவில்லை. "சின்னவன் கண் பிழைத்தால் சமயபுரத்தாளுக்கு வெள்ளிக் கண்மலர் ஒரு ஜோடி வைத்து, மாவிளக்குப் போட்டு, அவன் முடியையும் இறக்குகிறேன் என்று அக்காள் வேண்டிக்கொண்டாள். ஊருக்குப் போகப் பணம் சேர்ப்பதற்குள் அவளே போய்விட்டாள்" என்றார். கேட்டது கிடைத்திருந்தது, மகனின் கண்களுக்கு எந்தக் குறையும் வரவில்லை. ஆகவே கடன் இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. கனவைத் தவறிய நோன்பின் நினைவூட்டலாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடம் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதையில், கண்ணகி தான் கண்ட தீய கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தி உடனே, முற்பிறப்பில் கணவனுக்காகச் செய்ய வேண்டிய ஒரு நோன்பில் நீ தவறிவிட்டாய் என்று காரணம் சொல்லி, அது தீர, காவிரி கடலோடு கலக்கும் இடத்திலுள்ள சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுவோம் வா என்று அழைக்கிறாள். கண்ணகியின் மறுமொழி 'பீடன்று' என்பது மட்டுமே; அது நமக்குப் பெருமையன்று என்று பொருள். கனவுக்குப் பொருள் சொல்பவர் ஒருவர், அதை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்பவர் இன்னொருவர் என்ற இந்த அமைப்பு, பெரியம்மா வீட்டு வரவேற்பறையிலும் அப்படியே இருந்தது. ஆனால் பெரியம்மாவுக்குக் கிடைத்தது முற்பிறப்புச் செய்தி அல்ல. கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய கால் வெள்ளி.

அடுத்த கேள்வி, கடன் யாருடையது என்பது. கண்மலரையும் மாவிளக்கையும் குடும்பத்தில் யார் செலுத்தினாலும் சரி. முடி அப்படியல்ல, எவன் தலையைச் சொல்லி வேண்டினார்களோ அவன் தலைதான் செலுத்த வேண்டும். மகனுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. தன்னைக் கேட்காமல் தன் முடியைப் பாட்டி வேண்டிக்கொண்டது எப்படித் தன்னைக் கட்டுப்படுத்தும் என்று அவன் கேட்டான். அது நியாயமான கேள்வி. நாங்கள் யாரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து அவனே அம்மாவை அழைத்து, இருட்டாக்கிய அறையில் கண் எரிச்சலோடு கிடந்ததும், பாட்டி வேப்பங்கொத்தால் இமைகளை வருடியதும் தனக்கு நினைவிருப்பதாகச் சொல்லி, வருகிறேன் என்றான்.

பெரியம்மாவுக்கோ முட்டி அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது, உடனே பயணம் செய்ய இயலாது. உறவினர் சிலர், மாரியம்மன் எங்கும் ஒருத்திதானே, சவுத் பிரிட்ஜ் சாலைக் கோயிலிலேயே செலுத்திவிடலாம் என்றார்கள். வேண்டும்போது ஊர்ப் பெயர் சொல்லியிருந்தால் அந்த ஊரில் செலுத்துவதே முறை என்பது என் கருத்து. பெயர் சொல்லாமல் 'மாரியாத்தா' என்று மட்டும் வேண்டியிருந்தால் இங்கேயே செலுத்துவதில் குறையில்லை. இங்கே சமயபுரத்தாள் என்ற பெயர் இருந்தது. எனவே பெரியம்மா தவணை கேட்டார். புதிய துணியை மஞ்சளில் நனைத்து, ஒரு வெள்ளிக் காசை முடிந்து, பழைய முடிச்சோடு சேர்த்துச் சவுத் பிரிட்ஜ் சாலைக் கோயிலுக்கு எடுத்துப்போய், வருகிற சித்திரைக்குள் வருகிறோம் என்று அம்மனிடம் சொல்லிவிட்டு வந்தார். நாளும் சொல்லாமல் 'பிறகு' என்று கேட்பது தவணை ஆகாது. முதல் முறை மறந்துபோனதே அப்படித்தான்.

இத்தனை ஆண்டுத் தாமதத்துக்கு வட்டிபோல இரட்டிப்பாகச் செலுத்த வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. பெரியம்மா அதற்கு இணங்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வேன், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்றார். 2019 சித்திரையில் தாயும் மகனும் திருச்சிக்குப் பறந்தார்கள். பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி இடித்த மாவில் வெல்லமும் ஏலமும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து நெய் வார்த்துத் திரி போட்ட விளக்கைச் சன்னிதியில் ஏற்றினார்கள். மகன் முடி இறக்கினான். கண்மலரோடு பழைய முடிச்சையும் புதிய முடிச்சையும் பெரியம்மா உண்டியலில் போட்டார்.

அந்தக் கனவு ஏன் அந்த வாரத்தில் வந்தது என்று அவரிடம் நான் கேட்டதுண்டு. கனவுக்கு இரண்டு நாள் முன்பு, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குழந்தையைத் தேக்கா சந்தையில் பார்த்ததாகச் சொன்னார். மாமியார் வேண்டிக்கொண்டபோது காதில் விழுந்த சொல் மனத்தின் அடியில் கிடந்து அன்று மேலே வந்திருக்கலாம். அம்மனே அந்தக் குழந்தையை எதிரில் நிறுத்தினாள் என்பது பெரியம்மாவின் நம்பிக்கை. இந்த இரண்டில் எதை ஏற்றாலும் தகரப் பெட்டியில் இருந்த முடிச்சு மாறப்போவதில்லை.

முடிச்சும் இல்லை, நினைவு சொல்லும் பெரியவர்களும் இல்லை என்றால் பலர் பூக்கட்டிப் பார்க்கிறார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சன்னிதியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது அது. எந்தப் பூவுக்கு என்ன பொருள் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு முறைதான் கேட்க வேண்டும். விரும்பிய பூ வரும்வரை எடுக்கச் சொன்னால், பதில் சொல்வது நம் விருப்பம்தான், தெய்வமல்ல.

நேரம் நெருங்கிவிட்டதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். நோய்த்தொற்றுக் காலத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். 2021, 2022 ஆகிய இரு தைப்பூசங்களிலும் இங்கே காவடியும் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரையிலான பாதயாத்திரையும் நடைபெறவில்லை. காவடி எடுப்பதாக வேண்டியிருந்தவர்கள் சிலர், அதற்குப் பதிலாகப் பால்குடம் செலுத்தினால் கடன் தீர்ந்ததா என்று என்னிடம் கேட்டார்கள். காவடி என்று சொல்லி வேண்டியிருந்தால் தவணையாகக் காசு முடிந்து வையுங்கள், முடிச்சோடு பெயரும், கோயிலும், வேண்டிய காரணமும் எழுதிய ஒரு சீட்டையும் வையுங்கள் என்றேன். அவர்களில் ஒருவர் 2023இல் காவடி மீண்டும் தொடங்கியபோது அந்தச் சீட்டை இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு நடந்தார். நன்றி, வணக்கம்.