ஸ்லைடுக்குத் தலைப்பு வைப்பதில் என்ன இருக்கிறது?

கேள்வி: "சார், ஒளிச்சேர்க்கை பற்றி நன்றாக உழைத்து ஒரு பிரசென்டேஷன் செய்து ஸ்லைடு பகிரும் தளத்தில் ஏற்றினேன். யாருமே பார்க்கவில்லை. தலைப்பு, விவரம் எல்லாம் கொடுத்துத்தான் இருக்கிறேன். தேடினால் ஏன் வருவதில்லை?"

கேள்வியோடு இணைப்பையும் அனுப்பியிருந்தார், திறந்து பார்த்தேன். தலைப்பு `Bio unit3 final new`. விவரம் என்ற இடத்தில் "இது எனது பிரசென்டேஷன், அனைவருக்கும் பயன்படும்" என்று ஒரு வரி. உள்ளே வேலை அருமை. வெளியே நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்?

நம் சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரியும். தலைப்பு தேடுகிறவருக்கானது, செய்தவருக்கானது அல்ல. `final new` என்பது உங்கள் கணினியில் பழைய கோப்பிலிருந்து புதியதைப் பிரிக்க நீங்கள் வைத்த அடையாளம். கோப்பை ஏற்றும்போது பல தளங்கள் அந்தக் கோப்புப் பெயரையே தலைப்புப் பெட்டியில் நிரப்பிவிடும். அவசரத்தில் அப்படியே விட்டுவிடுகிறோம். பல இடங்களில் இணைப்பு முகவரியும் அந்தத் தலைப்பிலிருந்துதான் உருவாகிறது. அதனால் ஏற்றுவதற்கு முன்பே கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள்.

சரி, இவருடைய ஸ்லைடுக்கு என்ன தலைப்பு வைக்கலாம்? "ஒளிச்சேர்க்கை" என்று மட்டும் வைத்தால் நூறு பேரோடு நூற்றோராவது ஆள் ஆகிவிடுவார். உள்ளே அவர் விளக்கியிருப்பது ஒளிவினையும் கால்வின் சுழற்சியும். படிப்பவர் மேல்நிலை மாணவர். ஆக, "ஒளிச்சேர்க்கை: ஒளிவினையும் கால்வின் சுழற்சியும் | மேல்நிலை உயிரியல்". பாடப்பொருள் முதலில் வருகிறது, அதில் எந்தப் பகுதி என்பது அடுத்து, யாருக்கு என்பது கடைசியில். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் தேடல் முடிவில் நீளமான தலைப்பின் வால் வெட்டுப்பட்டுவிடும். கைபேசித் திரையில் இன்னும் சீக்கிரமே வெட்டுப்படும். தலை மட்டும் மிஞ்சினாலும் "ஒளிச்சேர்க்கை" மிஞ்ச வேண்டும். கல்லூரிப் பெயரும் துறைப் பெயரும் முதல் ஸ்லைடில் இருந்தால் போதும், தலைப்பில் அவற்றுக்கு வேலை இல்லை.

விவரத்தில் முதல் இரண்டு வாக்கியங்கள்தான் பெரும்பாலும் கண்ணில் படும். அங்கே "அனைவருக்கும் வணக்கம்" வேண்டாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "தைலக்காய்டு சவ்வில் நடக்கும் ஒளிவினையில் ஏடிபி எப்படி உருவாகிறது, அது கால்வின் சுழற்சியில் எப்படிச் செலவாகிறது என்பதைப் படங்களோடு விளக்கும் 24 ஸ்லைடுகள். சி4 தாவரங்கள் இதில் இல்லை. கடைசி ஸ்லைடில் ஐந்து பயிற்சிக் கேள்விகள் உள்ளன."

"இதில் இல்லை" என்று ஏன் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். சி4 தேடி வந்த மாணவர் 24 ஸ்லைடையும் புரட்டிவிட்டு எரிச்சலோடு போவதைவிட, வாசலிலேயே தெரிந்துகொண்டு போகட்டும். மேலும், தமிழில் படிப்பவரும் தேடல் பெட்டியில் பல நேரம் `photosynthesis` என்றுதான் அடிக்கிறார். அந்தச் சொல்லையும் `Calvin cycle` என்பதையும் விவரத்தில் ஒரே ஒரு முறை இயல்பாகச் சேருங்கள். அதையே பத்து முறை அடுக்கினால் படிக்கிறவருக்கு விளம்பரம் போலத் தெரியும். மறுபடியும் அதேதான், தேடுகிறவர் என்ன அடிக்கிறார் என்று பாருங்கள்.

ஆனால் இவரிடம் வேறு ஒன்று கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஸ்லைடுக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறியால் வாசிக்க முடிகிறதா? இந்த மாதிரித் தளங்கள் ஸ்லைடில் உள்ள எழுத்தைப் பிரித்தெடுத்துப் பக்கத்தோடு வைப்பதுண்டு. தலைப்பும் விவரமும் சில வரிகள்தான், மற்ற சொற்கள் எல்லாம் உள்ளேதானே இருக்கின்றன. பாடநூல் பக்கத்தைப் படமெடுத்து ஒட்டியிருந்தால் அங்கே பிரித்தெடுக்க எழுத்தே இருக்காது.

இவருடைய சிக்கல் இன்னொரு வகை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், அடியில் இருப்பது ஆங்கில எழுத்துகள். ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினேன். "தமிழ்" என்ற சொல் `jkpo;` என்று வந்தது. இப்படி இருந்தால் உள்ளே எத்தனை முறை "ஒளிச்சேர்க்கை" எழுதியிருந்தாலும் தேடலுக்கு அது ஒரு முறைகூட இல்லை. நீங்களும் இதே போல ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு, கவலை இல்லை. கோழிக் கிறுக்கலாக வந்தால் எழுத்துருவின் பெயரை மட்டும் மாற்றிப் பயனில்லை. எழுத்துருமாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று ஸ்லைடு ஸ்லைடாகப் பார்த்துவிட்டு, பிறகு ஏற்றுங்கள்.