பயிற்சிக்குப் பணம் கேட்கும் தாள்

வணக்கம் நேயர்களே. தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தாலும், பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்று நான் பேசப்போகும் தாள் ரொம்பப் பழக்கமானதாகவே இருக்கும். துறையில் புதிதாக ஒரு பயிற்சி தொடங்க வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்கிறோம். அவர் நல்லது என்கிறார். அடுத்த வரியிலேயே, "எவ்வளவு ஆகும்னு எழுதிக் கொடுங்கம்மா, தாளாளர்கிட்ட வைக்கணும்" என்கிறார். அந்த எழுதிக் கொடுக்கும் தாளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் அறிவியல் ஆசிரியை. வடசென்னையில் ஓர் உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றேன். அதன்பிறகு சில பள்ளிகளின் நிதிக்குழுவில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதிக் கொடுத்த தாள்களைப் படிக்கும் இடத்திலும் இருந்திருக்கிறேன். பணம் கேட்கிறவர் பக்கமும் கொடுக்கிறவர் பக்கமும் எனக்குத் தெரியும்.

ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கும் எட்டு ஆசிரியர்கள். அவர்களுக்குச் செய்முறை வகுப்பு நடத்தப் பயிற்சி. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த 25-ஐயும் பிள்ளை தானே தொட்டுச் செய்து வாங்க வேண்டுமென்றால், முதலில் ஆசிரியரின் கை பழகியிருக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் இந்தத் தாளை எப்படி எழுதுகிறார்கள் தெரியுமா? பயிற்றுநர் மதிப்பூதியம் இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, இதர செலவு இவ்வளவு, ஆக மொத்தம் 35,000. நான்கு வரியில் முடித்துவிடுகிறார்கள். நிதிக்குழுவில் இருப்பவர் இதைப் பார்த்ததும் இருபதாக அடித்துத் திருப்பிக் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. எதைக் குறைத்தால் எது நின்றுபோகும் என்று அந்தத் தாள் அவருக்குச் சொல்லவே இல்லையே.

அதனால் ரூபாயை எழுதும் முன்னால் இன்னொரு தாளை எடுங்கள். பயிற்சி அறையில் மேஜைமேல் என்ன நடக்கப்போகிறது என்று அதில் எழுதுங்கள். எத்தனை பேர், எத்தனை மேஜை, யார் கையில் என்ன பொருள். ரூபாய் அதற்குப் பிறகு.

என் மனதை விட்டு அகலாத ஒரு சம்பவம் உண்டு. ஒருமுறை நாங்கள் கேட்ட தொகையில் பொருட்செலவு வரியை மட்டும் முழுசாக வெட்டிவிட்டார்கள். "ஆய்வகத்துலதான் எல்லாம் இருக்கே, தனியா எதுக்கு?" என்பது காரணம். பயிற்சி நடந்தது. பயிற்றுநர் நல்லவர், விஷயம் தெரிந்தவர். அன்றைய செய்முறை மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். நீலப் படிகத்தைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கினால் அதிலிருக்கும் நீர் வெளியேறி வெள்ளைப் பொடியாகும். ஆறவைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் திரும்பவும் நீலமாகும். பிள்ளைகளுக்குக் கண்கொட்டாமல் பார்க்கத் தோன்றும் சோதனை அது.

ஆனால் இருந்தது ஒரே ஒரு செட் பொருள். பயிற்றுநர் செய்தார், நாங்கள் எட்டுப் பேரும் சுற்றி நின்று பார்த்தோம். எல்லாருக்கும் புரிந்தது. புரிந்தது என்றே எல்லாரும் எழுதியும் கொடுத்தோம். அடுத்த மாதம் ஒரு ஆசிரியை வகுப்பில் அதையே செய்தார். குழாயின் வாயை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு சூடாக்கினார். வெளியேறிய நீராவி குழாயின் மேல்பக்கம் குளிர்ந்து சொட்டாக மாறி, சூடான அடிப்பக்கத்துக்கு வழிந்து இறங்கியது. குழாய் பட்டென்று விரிசல் விட்டது. நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த ஆசிரியை அந்தச் சோதனையைச் செய்யவே இல்லை. கரும்பலகையில் படம் வரைந்து முடித்துக்கொண்டார்.

குழாயின் வாயைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பயிற்றுநர் அப்படித்தான் பிடித்திருந்தார். நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பார்த்தால் மணிக்கட்டுக்குப் பழகாது. ஒவ்வொருவரும் இடுக்கியைத் தன் கையில் பிடித்து, பயிற்சி அறையிலேயே ஒரு குழாயை உடைத்துப் பார்த்தால்தான் பழகும். அந்த உடையும் குழாய்க்கும் தாளில் ஒரு வரி வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். பேனா எடுக்க வேண்டாம், மெதுவாகவே சொல்கிறேன். கூட்டிப் பார்க்க எளிதாக இருக்கட்டும் என்று நானே சில விலைகளை வைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனக் கடைகளில் விலைப்புள்ளி வாங்கி உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. சேர்த்துத்தான் விலையா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பில் வரும்போது கணக்கு இடிக்கும்.

பள்ளி திறக்கும் முன்னால் இரண்டு முழு நாள் பயிற்சி. அப்புறம் ஜூலையிலிருந்து மாதம் ஒரு பிற்பகலாக நான்கு தொடர் சந்திப்பு. ஆசிரியர் எட்டுப் பேரோடு ஆய்வக உதவியாளரையும் சேர்த்து ஒன்பது பேர். அவரைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பொருளை எடுத்து வைப்பதும் கழுவி அடுக்குவதும் அவர்தான். பயிற்றுநரோடு பத்துப் பேர். இருவருக்கு ஒரு மேஜையாக நான்கு மேஜை, ஆய்வக உதவியாளர் ஏதாவது ஒரு மேஜையில் சேர்ந்துகொள்வார்.

பயிற்றுநருக்கு நாளுக்கு 3,000 என்றால் இரண்டு நாளுக்கு 6,000. பிற்பகலுக்கு 1,500 வீதம் நான்குக்கு இன்னொரு 6,000. ஆறு முறை வந்துபோக 300 வீதம் 1,800. ஆக 13,800. பொருட்செலவு, இரண்டு நாளுக்கு மேஜைக்கு 1,000 வீதம் 4,000; தொடர் சந்திப்புக்கு மேஜைக்கு 150 வீதம் நான்கு முறைக்கு 2,400. ஆக 6,400. சாப்பாடும் டீயும் 3,800. அச்சிட்ட கையேடு பத்துப் பிரதி 1,000. இதுவரை 25,000.

இதற்கு மேல் ஒருமுறை வாங்கினால் பல வருஷம் இருப்பவை. மின்தடை கண்டுபிடிக்கும் செய்முறைக்கு அம்மீட்டர், வோல்ட்மீட்டர் அடங்கிய செட் நான்கு, 2,000 வீதம் 8,000. பாதுகாப்புக் கண்ணாடி பத்து, 1,000. ஆக 9,000. எல்லாம் சேர்த்து 34,000.

இந்த 25,000-ஐயும் 9,000-ஐயும் தயவுசெய்து ஒன்றாகக் கலக்காதீர்கள். முதலாவது தொடர் செலவு, இரண்டாவது தொடராச் செலவு. அடுத்த வருஷம் அம்மீட்டர் வாங்க வேண்டியதில்லை, மயில்துத்தம் வாங்க வேண்டும். பிரித்துக் காட்டினால் தாளாளருக்கு, "வருஷாவருஷம் இவ்வளவு வந்துடுமோ" என்ற பயம் போய்விடும். பிரித்துக் காட்டவில்லையென்றால், இரண்டாம் வருஷம் நீங்கள் குறைவாகக் கேட்கும்போது, போன வருஷம் அதிகமாகக் கேட்டீர்களா என்ற கேள்வி வரும்.

நம் பக்கம் கடற்காற்று வேறு. சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடியைச் சரியாகத் திருகாமல் வைத்த போன வருஷத்துப் பாட்டிலைத் திறந்து பாருங்கள், வில்லையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுவென்று கிடக்கும். தண்ணீரில் கரைக்கும்போது வெப்பம் வெளிப்படுவதைக் காட்ட நல்ல நிலையில் உள்ள வில்லைதான் வேண்டும். "ஆய்வகத்தில் இருக்கே" என்று யாராவது சொன்னால், அந்தப் பாட்டிலைக் கூட்டத்துக்கே எடுத்துக்கொண்டு போகலாம். இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது என்பது ஒன்று, பயன்படும் நிலையில் இருக்கிறது என்பது வேறு.

இப்போது தாளில் யாரும் எழுதாத ஒரு செலவு. தொடர் சந்திப்பு நடக்கும் பிற்பகலில் எட்டு அறிவியல் ஆசிரியர்களும் அறையில் இருந்தால், அவர்கள் வகுப்பை யார் பார்ப்பது? கடைசி இரண்டு பீரியட் என்றாலும் ஒரு நாளைக்குப் பதினாறு பீரியட், நான்கு சந்திப்புக்கு 64 பீரியட். இது ரூபாயில் தெரியாது. ஆனால் தலைமையாசிரியர் கண்ணில் முதலில் படுவது இதுதான். பல பயிற்சிகள் பணம் கிடைத்த பிறகும் ஆகஸ்டிலேயே நின்றுபோனது இதனால்தான்.

ஆசிரியர்களை நான்கு நான்கு பேராகப் பிரித்து நடத்தினால் வகுப்புகளைச் சமாளிக்கலாம். ஆனால் பயிற்றுநர் நான்கு முறைக்குப் பதில் எட்டு முறை வர வேண்டும். மதிப்பூதியம் 6,000, பயணம் 1,200, கூடுதலாக 7,200. மொத்தம் 41,200 ஆகிவிடும். இதைவிட நல்ல வழி டைம்டேபிளில் இருக்கிறது. எட்டுப் பேருக்கும் வாரத்தில் ஓய்வு பீரியட் உண்டு. புதன்கிழமை கடைசி இரண்டு பீரியடும் எட்டுப் பேருக்கும் ஓய்வாக வரும்படி வருஷத் தொடக்கத்திலேயே போட்டுவிட்டால் ஒரு ரூபாயும் கூடாது. ஆனால் டைம்டேபிள் போட்ட பிறகு கேட்டால் நடக்காது. எனவே உங்கள் தாளின் அடியில் ரூபாய்க் கேள்வியோடு இந்தக் கேள்வியையும் எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். என்னைக் கேட்டால், அந்தக் கையெழுத்து 7,200 ரூபாயைவிடப் பெரியது.

நிலைய நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கைகாட்டுகிறார். இன்னும் இரண்டு விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, காலம். கணக்கு ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, பயிற்சி பள்ளி திறக்கும் முன்னால். அப்படியானால் தாள் ஜனவரிக்குள் தாளாளர் மேஜைக்குப் போயிருக்க வேண்டும். ஜனவரி விலைப்புள்ளி மே மாதம் மாறியிருக்கலாம். அதற்குத்தான் 5 சதவீதம், 34,000-க்கு 1,700 ரூபாய், எதிர்பாராச் செலவாக. எதற்கு என்று எழுதுங்கள்: விலையேற்றம், உடைசல். வெறுமனே "இதர செலவு" என்று எழுதாதீர்கள்.

இரண்டு, குறைத்துக் கொடுத்தால் என்ன செய்வது. அதை நீங்களே முன்கூட்டி எழுதி வையுங்கள். முழு நாளில் ஒன்றை விட்டுவிட்டால் மதிப்பூதியமும் பயணமும் 3,300, பொருள் 2,000, சாப்பாடு 1,500, ஆக 6,800 குறைந்து 27,200-ல் முடியும். தொடர் சந்திப்பு நான்கிலும் கை வைக்க வேண்டாம், மேஜைக்கான பொருளிலும் கை வைக்க வேண்டாம் என்று அதற்குக் கீழேயே எழுதுங்கள். பயிற்சி பயன் தந்ததா என்று அளப்பது பற்றியும் பேச நினைத்திருந்தேன், நேரமில்லை. ஆய்வகப் பதிவேட்டில் எந்த வகுப்பு எந்தத் தேதியில் என்ன சோதனை செய்தது என்பதைப் பயிற்சிக்கு முந்தைய வருஷத்துக்கும் எடுத்து இப்போதே தாளோடு இணைத்துவிடுங்கள். அதற்குச் செலவில்லை. நன்றி, வணக்கம்.