சிடி டப்பா படார்னு உடையுது, சிடி ஏன் வளையுது?

எல்லாருக்கும் வணக்கம். கையில ஒரு பழைய சிடியும் அதோட டப்பாவும் கொண்டு வந்திருக்கேன். டப்பா மூடி பாலிஸ்டைரீன், சிடி பாலிகார்பனேட். ரெண்டுமே கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக்தான், ஆனா மூடியை வளைச்சா கொஞ்ச தூரத்துலயே படார்னு போயிடும், சிடி நல்லா வளைஞ்சு கொடுக்கும்.

இந்த மூடியை உடையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நிறுத்தி லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பாருங்க, இழுபடுற பக்கத்துல மெல்லிசா வெள்ளிக் கோடுங்க தெரியும். பாத்தா விரிசல்னுதான் தோணும், ஆனா அது விரிசல் இல்ல, அதுக்குப் பேரு கிரேஸ். விரிசல்னா நடுவுல ஒண்ணுமே இருக்காது, கிரேஸுக்குள்ள ரெண்டு சுவரையும் புடிச்சுக்கிட்டு சில நானோமீட்டர் தடிமன்ல ஆயிரக்கணக்கான நார் இருக்கு, நாருக்கு நடுவுல வெற்றிடம். பாலிஸ்டைரீன் கிரேஸுக்குள்ள கால்வாசிதான் பிளாஸ்டிக், ஏன்னா ஒவ்வொரு நாரும் சுமார் நாலு மடங்கு நீண்டிருக்கும். அதுல எங்கயாவது ஒரு தூசியோ குறையோ இருந்தா நார் அறுந்து, அங்கிருந்துதான் நிஜ விரிசல் ஓடும்.

பாலிகார்பனேட்டோட வழி வேற. அங்க வெற்றிடம் திறக்காது, பிளாஸ்டிக்கோட நீளமான மூலக்கூறு சங்கிலிங்க ஒண்ணு மேல ஒண்ணு சறுக்கி பொருளே இளகி ஓடும், இதைத்தான் ஷியர் யீல்டிங்னு சொல்றோம். பெரிய பரப்பு முழுக்க இளகுறதால அடியோட சக்தியெல்லாம் அதுலயே செலவாயிடும்.

அப்ப எது எந்த வழியில போகும்னு யார் முடிவு பண்றது? சங்கிலிங்களோட சிக்குதான். பாலிஸ்டைரீன்ல ஒரு சிக்குக்கும் அடுத்த சிக்குக்கும் நடுவுல இருக்குற துண்டோட மூலக்கூறு எடை சுமார் 18,000, பாலிகார்பனேட்ல 2,000ஐ ஒட்டித்தான், அதாவது பாலிஸ்டைரீன்ல சிக்கு தள்ளித் தள்ளி தளர்வா இருக்கு, பாலிகார்பனேட்ல நெருக்கமா இருக்கு. தலைமுடியில சிக்கு தளர்வா இருந்தா சீப்பு சுலபமா போகுது இல்லையா, அந்த மாதிரி. வெற்றிடம் திறக்கணும்னா வழியில இருக்குற துண்டுங்களை அறுக்கணும் இல்ல உருவணும், சிக்கு நெருக்கமா இருந்தா அதுக்கு அதிக விசை வேணும், அந்த விசை வர்றதுக்கு முன்னாடியே பாலிகார்பனேட் இளகிடும். பாலிஸ்டைரீன்ல இழுக்கும்போது கிரேஸ்தான் முந்திக்கும்.

பாலிஸ்டைரீனுக்கு இளகவே தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க. அதே பிளாஸ்டிக்கை இழுக்காம நசுக்குங்க, வெற்றிடம் திறக்க வழியில்லாததால அதுவும் இளகி சப்பையாகும்.

பாலிகார்பனேட்டும் எப்பவும் காப்பாத்தாது, டிசைன் பண்றவங்க இதைக் கண்டிப்பா மனசுல வெச்சுக்கணும். 3 மி.மீ. தகட்டுல கூர்மையா ஒரு வெட்டு போட்டு அடிச்சா தாங்கும், அதே வெட்டை 6 மி.மீ. தகட்டுல போட்டா பட்டுனு ரெண்டாயிடும். தடிமன் கூடினா வெட்டு முனைக்கு உள்ள இருக்குற பகுதியால பக்கவாட்டுல சுருங்க முடியாது, எல்லாப் பக்கமும் இழுவைதான், சறுக்க இடமே கிடைக்காது, அதனால இங்கயும் உள்ளுக்குள்ள வெற்றிடம் திறந்து கிரேஸ் வந்துடும்.