ஐ.சி.யூ. டிப்ளமோ முடித்தால் சம்பளம் கூடுமா?

நேயர்களுக்கு வணக்கம். நர்ஸ் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி இது: "மேடம், கிரிட்டிக்கல் கேர் டிப்ளமோ பண்ணட்டுமா, சம்பளம் ஏறுமா?" பெற்றோரும் கேட்கிறார்கள். நர்ஸிங் கற்றுக்கொடுத்தே காலத்தைக் கழித்தவள் நான். ஐ.சி.யூ.வில் நின்ற காலமும் உண்டு. கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வேனோ அதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் எந்தப் படிப்பைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஜி.என்.எம். அல்லது பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்து, கவுன்சிலில் பதிவு செய்து, ஒரு வருஷமாவது வார்டில் வேலை பார்த்திருந்தால் இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்திருக்கும் போஸ்ட் பேசிக் டிப்ளமோ படிக்கலாம். ஒரு வருஷப் படிப்பு. தீவிர சிகிச்சை, புற்றுநோய், பச்சிளங்குழந்தை, சிறுநீரகம், ஆபரேஷன் தியேட்டர் என்று பல பிரிவுகள் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் நெடுங்காலமாகவே நடக்கிறது. இதற்கும் மேலே, பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்காக 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர்' என்று இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பு ஒன்றும் வந்திருக்கிறது. இந்த இரண்டோடு, இதயம் நின்றுபோனால் செய்ய வேண்டிய அவசர சிகிச்சையைச் சொல்லிக்கொடுக்கும் ஏ.சி.எல்.எஸ். மாதிரி இரண்டு நாள் பயிற்சியைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தச் சான்று இரண்டு வருஷம்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

சரி, அந்த ஒரு வருஷத்தில் அப்படி என்னதான் கற்றுக்கொள்கிறார்கள்? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண், திண்டுக்கல் பக்கத்துக்காரர். டிப்ளமோ முடித்து வேலைக்குத் திரும்பிய புதிதில் ஒரு நைட் டியூட்டி. வெண்டிலேட்டரில் இருக்கிற ஒரு பெரியவருக்கு ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றாறிலிருந்து மளமளவென்று எண்பதுக்கு இறங்குகிறது. மெஷினில் 'பிரஷர் அதிகம்' என்று அலாரம் அடிக்கிறது. பக்கத்தில் நின்ற புது நர்ஸ் அலாரத்தை அமுக்கிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடப் பார்த்தாராம். இவர் அவரை நிறுத்தி, வெண்டிலேட்டர் குழாயைக் கழற்றி, ஆக்சிஜனோடு ஆம்பு பையை மாட்டிக் கையால் அழுத்திப் பார்த்திருக்கிறார். அந்தக் கை சொல்லும் செய்திதான் முக்கியம். பை லேசாக அமுங்கி, ஆக்சிஜன் அளவும் ஏறினால், கோளாறு பெரும்பாலும் மெஷினில் அல்லது அதன் குழாயில். பை கல் மாதிரி இறுகினால், கோளாறு நோயாளியிடம் இருக்கிறது, அல்லது தொண்டைக்குள் இருக்கிற டியூபில். அன்றைக்குப் பை இறுகியது. நோயாளி டியூபைக் கடிக்கவில்லை, டியூப் எங்கும் மடங்கவில்லை, மார்பு இரண்டு பக்கமும் ஏறுகிறது ஆனால் கொஞ்சமாகத்தான். சக்‌ஷன் குழாயை உள்ளே விட்டால் பாதி வழியில் நின்றுவிட்டது. உடனே டாக்டரிடம், "டியூப் அடைத்திருக்கிறது சார், சக்‌ஷன் குழாய் இறங்கவில்லை, டியூப் மாற்ற எல்லாம் எடுத்து வைக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். "பேஷண்டுக்கு ஒரு மாதிரியா இருக்கு, வாங்க" என்று சொல்லவில்லை, பாருங்கள். டாக்டர் வரும்போது எல்லாம் தயாராக இருந்தது. டியூபை மாற்றினார்கள், கெட்டியான சளி நுனியை அடைத்திருந்தது. பெரியவர் பிழைத்தார்.

இதை டிப்ளமோ படிக்காத சீனியர் நர்ஸும் செய்வார், செய்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. பல வருஷத்தில் பழகி வருகிற ஒன்றை, பெரும்பகுதி நேரம் வார்டிலேயே நிற்க வைத்து ஒரு வருஷத்தில் கொடுக்கிறார்கள். படிப்பின் மதிப்பு அங்கே இருக்கிறது.

இப்போது அதே பெண்ணின் சம்பளக் கணக்குக்கு வருவோம், கேட்கிறவர்கள் ஒரு பேனா எடுத்துக்கொண்டாலும் நல்லது. படிக்கப் போகும் முன் அவருக்கு மாதம் 17,000 ரூபாய். ஒரு வருஷம் வேலையை விட்டுவிட்டுப் படித்ததால் போன சம்பளம் 2,04,000. படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 76,000. ஆக, இரண்டு லட்சத்து எண்பதாயிரம். திரும்பி வந்ததும் அதே ஊரில் ஒரு தனியார் மருத்துவமனை கொடுத்த உயர்வு மாதம் 2,000. கணக்குப் போட்டால் போட்ட பணம் திரும்ப 140 மாதம், கிட்டத்தட்ட 12 வருஷம். அவருடைய அப்பா என் எதிரில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உயிர் காக்கிற படிப்புக்கு இரண்டாயிரம் ரூபாய் என்பது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏன் இப்படி? நம் நாட்டில் நர்ஸின் சம்பளம் எதை வைத்து எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, தனியார் மருத்துவமனை நர்ஸ்களுக்கு ஒரு பரிந்துரை கொடுத்தது. இருநூறு படுக்கைக்கு மேல் என்றால் அந்த மாநில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், நூறுக்கு மேல் என்றால் அதில் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, ஐம்பதிலிருந்து நூறு என்றால் இருபத்தைந்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, ஐம்பதுக்கும் கீழே என்றால் குறைந்தது 20,000. இது நடைமுறைக்கு ஒழுங்காக வராதது வேறு கதை. நான் சொல்ல வருவது, கணக்கு படுக்கை எண்ணிக்கையில் நிற்கிறது. அரசுப் பக்கம் போனால் அங்கேயும் பதவிக்கு ஒரு சம்பள அடுக்கு, உயர்வு சீனியாரிட்டியில். எய்ம்ஸில் நர்ஸிங் ஆபீசர் அடிப்படைச் சம்பளம் 44,900-இல் தொடங்குகிறது. டிப்ளமோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 44,900 தான். நம் மாநிலத்தில் அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. மூலம் 2015-இல் வந்த நர்ஸ்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தொடங்கினார்கள். அவர்களில் ஐ.சி.யூ.வில் நின்றவருக்கும் அதே தொகைதான்.

போஸ்டிங் பக்கம் இன்னும் வருத்தமானது. ஐ.சி.யூ. படித்தவரை ஆறு மாதத்தில் சுழற்சி என்று மகப்பேறு வார்டுக்கு அனுப்பிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. ஆளே இல்லாத வார்டுக்கு யாரையாவது அனுப்பித்தானே ஆக வேண்டும், இன்சார்ஜ் சிஸ்டரைச் சொல்லிப் பயனில்லை. ஆனால் படித்த படிப்பு அங்கே வீணாகிறது. இந்திய நர்ஸிங் கவுன்சில் ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று சொல்கிறது. ஒருவர் மூன்று வெண்டிலேட்டரைப் பார்க்கிற இடங்கள் எனக்குத் தெரியும்.

அப்படியென்றால் படிக்கவே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. டிப்ளமோ சம்பளச் சீட்டை மாற்றுவதில்லை, ஐ.சி.யூ. கதவைத் திறக்கிறது. அந்த ஐ.சி.யூ.வில் கழித்த வருஷங்கள் எழுத்தில் பதிவாகிற தாள்தான் பின்னால் பணமாகிறது. அந்தத் தாள் அனுபவச் சான்று. இதை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், இங்கேயும் இன்னொரு தடவை சொல்கிறேன்: டிப்ளமோ சான்றிதழைப் பத்திரமாக வைப்பதுபோல அனுபவச் சான்றையும் பாருங்கள்.

அந்தத் திண்டுக்கல் பெண் வளைகுடா வேலைக்கு விண்ணப்பித்தபோது என்ன நடந்தது தெரியுமா? மருத்துவமனை கொடுத்த சான்றில் 'ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்' என்று இரண்டு வரி. ஐ.சி.யூ. என்ற சொல்லே இல்லை. அங்கே ஐ.சி.யூ. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் அண்மைய இரண்டு வருஷம் அதே பிரிவில் அனுபவம் கேட்கிறார்கள். கவுன்சில், கல்லூரி, வேலை பார்த்த இடம் என்று ஒவ்வொன்றுக்கும் நேரடியாக எழுதிக் கேட்டும் சரிபார்க்கிறார்கள். இவர் திரும்பப் போய், எச்.ஆரைப் பிடித்து, புதுச் சான்று வாங்கினார். எந்த ஐ.சி.யூ., அதில் எத்தனை படுக்கை, மருத்துவமனையில் மொத்தம் எத்தனை படுக்கை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, முழு நேரமா, என்னென்ன கையாண்டார் எல்லாம் அதில் இருந்தது. அதன்பின் வேலை கிடைத்தது. அந்த 140 மாதக் கணக்கை அவருடைய அப்பா அப்புறம் பேசவே இல்லை.

உள்ளூரிலும் இதுதான். எய்ம்ஸ் தேர்வெழுத ஜி.என்.எம். படித்தவருக்கு ஐம்பது படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருஷ அனுபவம் வேண்டும். முப்பது படுக்கை நர்ஸிங் ஹோமில் ஐந்து வருஷம் உழைத்த பெண்ணுக்கு அந்த ஐந்து வருஷமும் அங்கே செல்லாது.

இன்னொன்று. மூன்று மாத 'ஐ.சி.யூ. டிப்ளமோ' என்று பேனர் கட்டுகிற இடங்களில் பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "முடித்ததும் இதை மாநில நர்ஸிங் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய முடியுமா?" பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். படித்துக்கொண்டே உதவித்தொகை தருகிற பெரிய மருத்துவமனைகளும் இருக்கின்றன. அங்கே பாண்ட் எத்தனை வருஷம், அந்தக் காலத்தில் ஐ.சி.யூ.விலேயே வைப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிரிட்டன், அமெரிக்கா பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவின் நர்ஸ்களில் பாதிப்பேருக்காவது அந்தத் துறையில் மேற்படிப்பு இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய தரவிதி. அதனால் சேர்ந்தபின் அந்தப் பிரிவே உங்களைப் படிக்க அனுப்ப வாய்ப்பு உண்டு. நம்மூரிலிருந்து போகிறவர்கள் பொதுவாக அங்கே பேண்ட் ஐந்து என்கிற சம்பள அடுக்கில்தான் தொடங்குகிறார்கள், ஆறுக்குப் போக அந்தப் படிப்பு உதவும், ஆனால் தானாக ஏறாது, காலியிடத்துக்கு விண்ணப்பித்து நேர்காணலில் தேற வேண்டும். அமெரிக்காவின் சி.சி.ஆர்.என். சான்றுக்கு இங்கேயே பயிற்சி என்று சொல்லிப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தேர்வை எழுத முதலில் அமெரிக்க நர்ஸ் உரிமம் கையில் இருக்க வேண்டும், அதோடு இரண்டு வருஷத்தில் 1,750 மணி நேரம் தீவிர சிகிச்சை நோயாளிகளை நேரடியாகப் பார்த்திருக்க வேண்டும், அல்லது ஐந்து வருஷத்தில் 2,000 மணி நேரம். அந்த உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் தேர்வை முடிக்காதவர்கள் அந்தப் பயிற்சிக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். நேரம் முடிந்தது என்கிறார்கள், வணக்கம்.